ஒரு அவுன்ஸ் தங்கம் எத்தனை மாதச் சம்பளம்? அமெரிக்கக் கணக்கைச் சரிபார்க்க உதவி வேண்டும்

மலர் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கிறேன். போன வாரம் பணவீக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, வாட்ஸப்பில் வந்த செய்தி ஒன்றைச் சொன்னாள். அமெரிக்காவில் நூறு வருடமாக ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலை ஒரு மாதச் சராசரிச் சம்பளத்துக்குச் சமமாகவே இருக்கிறதாம். உண்மையா டீச்சர் என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1951 முதல் ஆண்டுதோறும் சராசரிச் சம்பளத்தை வெளியிடுகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, தங்கத்தின் அந்த ஆண்டுச் சராசரி விலையோடு ஒப்பிட்டேன். 1951-இல் ஆண்டுச் சம்பளம் 2,799 டாலர், மாதத்துக்கு 233. தங்கம் 35 டாலர். அதாவது 0.15 மாதம், நாலரை நாள் சம்பளம். 1970-இல் மாதச் சம்பளம் 515, தங்கம் 36, ஆக 0.07 மாதம். வெறும் இரண்டு நாள்! 1980-இல் 0.59. 2000-இல் திரும்ப 0.10. 2011-இல் 0.44. 2023-இல் 0.35.

எந்த ஆண்டிலும் ஒரு மாதத்தைத் தொடவே இல்லை. நிலையாகவும் இல்லை. நான் எங்கேயாவது தப்புப் பண்ணியிருக்கிறேனா? 1951-க்கு முன்னால் எப்படி இருந்தது என்று யாருக்காவது தெரியுமா?

---

தேனரசு எழுதியது:

டீச்சர், கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் 1951-ஐயும் 1970-ஐயும் சேர்த்தது சரியில்லை. அந்த 35 டாலர் அரசாங்கம் கட்டிப்போட்ட விலை. 1934 ஜனவரியில் நிர்ணயித்தார்கள், 1971 ஆகஸ்ட் 15-இல் நிக்சன் கைவிடும் வரை அதே விலைதான். சந்தை முடிவு செய்த விலையே இல்லாதபோது அதைச் சம்பளத்தோடு ஒப்பிட்டு என்ன பயன்?

1971-க்கு அப்புறம் மட்டும் பாருங்கள். 1980 ஜனவரி 21 அன்று தங்கம் 850 டாலரைத் தொட்டது. அப்போது ஒரு மாதச் சம்பளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. நீங்கள் சொன்ன 2023 கணக்குப்படி மாதச் சம்பளம் சுமார் 5,550. 4,000-ஐ அதால் வகுத்தால் 0.72. தங்கம் தன் இயல்பான இடத்துக்கு, அந்த ஒரு மாதத்துக்கு, திரும்பிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

---

செல்வா டெட்ராய்ட் எழுதியது:

1951-க்கு முந்தைய கணக்குக்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது டீச்சர். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் 20 டாலர் 67 சென்ட். நாலு நாள் வேலை செய்தால் ஒரு அவுன்ஸ் வாங்கிவிடலாம். வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்தால் 0.16 மாதம். உங்கள் 1951 கணக்கும் கிட்டத்தட்ட அதேதானே? 1914 முதல் 1951 வரை விகிதம் மாறவில்லை என்றுதானே அர்த்தம்?

---

பழைய கணக்கு எழுதியது:

செல்வா தம்பி, ஃபோர்டு சொன்ன 5 டாலர் உண்மைதான். ஆனால் அது சராசரி இல்லை. அந்த அறிவிப்பு உலகச் செய்தியானதே, அது ஊரில் கிடைத்த கூலியைப் போல இரண்டு மடங்கு என்பதால்தான். அவர் ஆலையிலேயேகூட அடிப்படைக் கூலி 2 டாலர் 34 சென்ட்தான், மீதி லாபப் பங்கு. அதற்கும் நிபந்தனைகள் இருந்தன.

1914-இல் அமெரிக்க ஆலைத் தொழிலாளியின் சராசரிக் கூலி மணிக்கு சுமார் 22 சென்ட். வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வேலை. ஆக வாரம் 11 டாலர். மாதத்துக்கு 4.33 வாரம் என்று வைத்தால் 48 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 20.67-ஐ அதால் வகுத்தால் 0.43 மாதம். பதிமூன்று நாள் சம்பளம்.

இதைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி சொல்லலாம். அப்போது 20 டாலர் நாணயம் தங்கத்தில் அச்சடித்தார்கள். அதற்குள் 0.9675 அவுன்ஸ் சுத்தத் தங்கம் இருக்கும். ஒரு ஆலைத் தொழிலாளி இரண்டு வாரம் உழைத்து, சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால், அந்த ஒரு காசும் கொஞ்சம் சில்லறையும் கைக்கு வரும். இரண்டு வாரத்து வியர்வை உள்ளங்கையில் ஒரே ஒரு வட்டம்.

இப்போது 1920-க்கு வாருங்கள். தங்கம் அதே 20.67, ஒரு சென்ட்கூட நகரவில்லை. ஆனால் முதல் உலகப் போர் விலைவாசியையும் கூலியையும் தூக்கிவிட்டது. ஆலைத் தொழிலாளியின் வாரக் கூலி 11-லிருந்து 26 டாலராகிவிட்டது. ஒரு அவுன்ஸ் இப்போது 0.18 மாதம்தான், ஐந்தரை நாள். 1929-இலும் ஏறக்குறைய அதே நிலை.

பெருமந்தத்தில் கூலி சரிந்தது. 1933-இல் வாரத்துக்கு 17 டாலருக்கும் கீழே. 1933 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் ஆணை போட்டு, மக்கள் கையிலிருந்த தங்க நாணயங்களை வங்கியில் ஒப்படைக்கச் சொன்னார், அவுன்ஸுக்கு 20.67 கணக்கில். அடுத்த ஜனவரியில் விலை 35 ஆனது. 1934-இன் வாரக் கூலி 18 டாலரை ஒட்டி. கணக்குப் போடுங்கள்: 0.44 மாதம். இருபது வருடம் சுற்றி 1914-இன் இடத்துக்கே வந்துவிட்டது.

ஆக டீச்சர், 1951-க்கு முன்னாலும் விகிதம் நிலையாக இல்லை. தங்கம் அசையாமல் நின்ற காலத்தில் கூலி அசைந்து விகிதத்தை ஆட்டியது. 1971-க்கு அப்புறம் தங்கமே ஆட்டுகிறது. 1951-இல் நாலரை நாள், 1970-இல் இரண்டு நாள் என்று நீங்கள் பார்த்த இறக்கம் முழுவதும் கூலி ஏறியதன் வேலை. தங்கம் மலிவானதாகச் சந்தை எதையும் சொல்லவில்லை.

---

செல்வா டெட்ராய்ட் எழுதியது:

நன்றி ஐயா. லாபப் பங்கு விஷயம் எனக்குத் தெரியாது. அடிப்படைக் கூலி 2.34-ஐ வைத்துப் பார்த்தால் ஒன்பது நாள் வேலை. நீங்கள் சொன்ன சராசரிக்குப் பக்கத்தில் வருகிறது.

---

முத்தையா பவுன் எழுதியது:

எனக்கு அவுன்ஸ் கணக்கு பழக்கமில்லை, பவுனிலேயே சொல்கிறேன். 1986-இல் நாலாவது ஊதியக் குழு அமலானபோது மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் 750 ரூபாய். அப்பா தபால் துறையில் கடைநிலை ஊழியர், அந்தச் சம்பளம்தான் வாங்கினார். அந்த ஆண்டு பத்து கிராம் தங்கம் 2,100 ரூபாய்க்குச் சற்று மேலே. பவுன் 1,700. அக்கா கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போடுவதற்கு அப்பா பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து, சின்ன டைரியில் எழுதிவைப்பார். சம்பளம் முழுவதையும் மிச்சம் பிடித்திருந்தாலே பதினோரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், அதாவது மூன்றரைப் பவுன். 6,000 ரூபாய். எட்டு மாதச் சம்பளம். டீச்சர் சொல்கிற 0.15, 0.44 எல்லாம் எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கேயோ பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது.

---

பழைய கணக்கு எழுதியது:

முத்தையா, பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். 28.35 கிராம் என்பது மளிகைக்கடை அவுன்ஸ். தங்கத்துக்கு ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். பவுனில் சொன்னால் மூன்றரை இல்லை, ஏறக்குறைய 3.9. இந்தத் தப்பு நிறைய இடத்தில் நடக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: உங்கள் விடை மற்றவர் விடையைவிடப் பத்து சதவீத அளவுக்குக் குறைவாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். திருத்திப் பார்த்தால் 6,600 ரூபாயைத் தாண்டும். அப்பாவுக்கு எட்டு மாதம் இல்லை, ஒன்பது மாதம்.

அதே 1986-இல் அமெரிக்காவில் ஒரு அவுன்ஸ் 0.25 மாதம். ஏன் இவ்வளவு இடைவெளி? பெரும்பகுதி இரண்டு நாட்டுக் கூலிக்கும் உள்ள தூரம்தான். உங்களுடையது சராசரிச் சம்பளமே இல்லை, அரசு வேலையின் கடைசிப் படி என்பதும் ஒரு காரணம். இன்னொன்று தங்கத்தின் விலையிலேயே இருக்கிறது. உலகச் சந்தையில் அந்த ஆண்டுச் சராசரி 368 டாலர். டாலர் அப்போது 12 ரூபாய் 60 காசு. பெருக்கினால் அவுன்ஸுக்கு 4,640 ரூபாய்தான் வர வேண்டும். நம் ஊரில் 6,600. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-இல் வந்து 1990 வரை இருந்தது, இறக்குமதிக்கு வழியில்லை, சந்தைக்கு வந்த புதுத் தங்கத்தில் பெரும்பங்கு கடத்தலில் வந்தது. உலக விலைக்கு மேல் நாற்பது சதவீதம் வைத்துத்தான் நாம் வாங்கினோம். அந்த விலை இல்லையென்றால் உங்கள் அப்பாவுக்கு ஆறு மாதச் சம்பளத்தில் முடிந்திருக்கும். மீதி மூன்று மாத உழைப்பு சட்டத்துக்கும் கடத்தல்காரருக்கும் போனது.

---

முத்தையா பவுன் எழுதியது:

மூன்று மாதம்... இதை அப்பாவிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. 2016-இல் ஏழாவது குழு 18,000 ஆக்கியது. அப்போது பத்து கிராம் 29,000 பக்கம். அவுன்ஸ் 90,000. ஐந்து மாதம். ஒன்பதிலிருந்து ஐந்து, அந்த அளவுக்காவது குறைந்திருக்கிறது.

---

நிலா எழுதியது:

எனக்கு வேறொரு சந்தேகம். சராசரி என்றால் பெரிய நிறுவனத் தலைவர்களின் சம்பளமும் அதில் சேர்ந்துவிடுமே? நூறு பேரில் ஐம்பதாவது ஆள் என்ன வாங்குகிறார் என்று பார்த்தால் விடை மாறாதா?

---

மலர் டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி நிலா. தேடிப் பார்த்தேன். சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே அந்த நடு ஆளின் சம்பளத்தையும் தருகிறது. 2023-இல் அது 43,223 டாலர். சராசரியோ 66,622. மாதத்துக்கு வகுத்தால் 3,602, 5,552. அந்த ஆண்டுத் தங்கம் 1,940 டாலர். சராசரிக்கு 0.35 மாதம், நடு ஆளுக்கு 0.54. பத்தரை நாள் எங்கே, பதினாறு நாள் எங்கே! ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே தங்கம்.

இது எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. வகுப்பில் எதைச் சொல்வது?

---

பழைய கணக்கு எழுதியது:

இரண்டையும் சொல்லுங்கள் டீச்சர். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சராசரியில் மேலே இழுக்கிற ஆட்கள் மட்டும் இல்லை, கீழே இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்டில் மூன்று மாதம் மட்டும் வேலை செய்தவர், கோடை விடுமுறையில் கடையில் நின்ற கல்லூரிப் பிள்ளை, எல்லோரும் ஒரு தலை என்றுதான் கணக்கு. மொத்தச் சம்பளத்தைத் தலைகளால் வகுப்பதுதான் அந்த எண்.

1980-ஐ இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். சமூகப் பாதுகாப்புச் சராசரிப்படி ஆண்டுக்கு 12,513, மாதம் 1,043. தங்கத்தின் ஆண்டுச் சராசரி 615-ஐ ஒட்டி. விடை 0.59. அதே ஆண்டு ஆலைத் தொழிலாளிக்கு மணிக்கு 7 டாலர் 27 சென்ட், வாரம் நாற்பது மணிக்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்கு 1,250 வருகிறது. விடை 0.49. முதலாளி சம்பளம் இல்லாத பட்டியலில் மாதக் கூலி கூடுதலாக இருக்கிறது பாருங்கள். முழுநேர வேலை என்பதுதான் காரணம்.

அதனால் 1914-ஐயும் 2023-ஐயும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். நான் கொடுத்த பழைய எண்கள் ஆலைத் தொழிலாளிக்கானவை, உங்களுடையவை எல்லோருக்குமானவை. 1951-இல் ஒரு இடைவெளி விட்டு இரண்டு கோடாக வரையுங்கள்.

---

தேனரசு எழுதியது:

நீங்கள் எல்லோரும் ஆண்டுச் சராசரி விலையையே எடுக்கிறீர்கள். உச்ச விலையை எடுத்தால் 1980-இல் ஒரு மாதம் வருகிறதே. 850-ஐ வைத்துப் போடுங்கள்.

---

பழைய கணக்கு எழுதியது:

போட்டேன் தேனரசு. 850-ஐ 1,043-ஆல் வகுத்தால் 0.81. ஒரு மாதம் இல்லை, இருபத்துநாலரை நாள்.

ஆனால் ஒரு மாதம் எப்படி வரும் என்பதையும் பார்த்தேன். 1980 ஜனவரியில் ஒருவர் கணக்குப் போடுகிறார் என்று வையுங்கள். 1980-இன் சராசரிச் சம்பளம் அப்போது யாருக்கும் தெரியாது, ஆண்டு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. 1979-க்கும் எண் வந்திருக்காது. கையில் இருப்பது 1978-இன் சம்பளம்: 10,556 டாலர், மாதம் 880. 850-ஐ 880-ஆல் வகுங்கள். 0.97! ஒரு மாதச் சம்பளம் கண் முன்னால் வந்துவிட்டது. அந்த வாட்ஸப் செய்தி எங்கே பிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்த மாதிரிக் கணக்கு ஒன்று அதன் அடியில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

நீங்கள் 2025-க்குச் செய்ததும் இதேதான். அந்த அக்டோபரின் ஒரு நாள் விலையை இரண்டு வருடம் பழைய சம்பளத்தால் வகுத்தீர்கள். சம்பளம் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் விடை எப்போதும் கூடுதலாகவே வரும். விலையும் சம்பளமும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், நாள் விலை என்றால் அன்றைய கூலி, ஆண்டுச் சராசரி என்றால் அந்த ஆண்டுச் சம்பளம்.

---

தேனரசு எழுதியது:

சரி ஐயா, 0.72-ஐத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அது தப்புதான். ஆனால் 35 டாலர் காலத்தைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. 1933 முதல் 1974 கடைசி வரை அமெரிக்கக் குடிமகன் தங்கக் கட்டி வைத்திருக்கவே சட்டப்படி முடியாது. அப்படியிருக்க, 1970-இல் இரண்டு நாள் சம்பளத்துக்கு ஒரு அவுன்ஸ் "வாங்கியது" என்று எப்படிச் சொல்வது? எந்தத் தொழிலாளி வாங்கினான்? 35 டாலருக்கு வாங்க முடிந்தது வெளிநாட்டு மத்திய வங்கிகள் மட்டும்தான்.

---

பழைய கணக்கு எழுதியது:

இதில் நீங்கள் சொல்வது சரி. 1960 அக்டோபரிலேயே லண்டன் சந்தையில் விலை 40 டாலர் வரை போய்விட்டது. அதை அடக்க மத்திய வங்கிகள் சேர்ந்து தங்கத்தைக் கொட்டின. 1968 மார்ச்சில் அதையும் நிறுத்தி, அரசுகளுக்கு ஒரு விலை, சந்தைக்கு ஒரு விலை என்று பிரித்தார்கள். அந்த 0.07 ஒரு காகித விகிதம்.

ஆனாலும் அதை நீக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சந்தை தானே விலை வைத்த 2001-இல், யாரும் கட்டிப்போடாதபோது, தங்கம் சராசரியாக 271 டாலர், மாதச் சம்பளம் 2,743. விகிதம் 0.10. மூன்று நாள்தான். கட்டுப்பாட்டுக் கால விகிதத்துக்குப் பக்கத்திலேயே சந்தையும் ஒரு தடவை போய் நின்றிருக்கிறது. "இயல்பான இடம்" ஒரு மாதம் என்றால், அந்த இருபது வருட இறக்கத்தை என்ன சொல்வீர்கள்?

---

தேனரசு எழுதியது:

அப்போது மத்திய வங்கிகள் கையிருப்பை விற்றுக்கொண்டிருந்தன. பிரிட்டன் 1999 முதல் 2002 வரை தன் தங்கத்தில் பாதிக்கு மேல் விற்றது. அதுவும் சாதாரணக் காலம் இல்லை. இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

---

நிலா எழுதியது:

எல்லாக் காலத்திலும் ஏதோ ஒரு அரசு ஏதோ செய்துகொண்டுதானே இருந்திருக்கிறது அண்ணா? அப்படிப் பார்த்தால் எந்த வருடத்தை எடுப்பது?

---

மலர் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று கரும்பலகையில் இரண்டு கோடு வரைந்தேன். ஐயா சொன்னபடி 1951-இல் இடைவெளி விட்டு. 1933 முதல் 1974 வரை உள்ள பகுதியை, தேனரசு சொன்னதற்காக, புள்ளிக் கோடாகப் போட்டேன். முத்தையா அண்ணனின் அப்பா கணக்கைத் தனியாக ஓரத்தில் எழுதினேன், அதன் அருகே கடத்தல் தங்கத்துக்கு எவ்வளவு, உலக விலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினேன். பிள்ளைகள் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

செய்தியைக் காட்டிய அந்த மாணவி, 1978-இன் சம்பளத்தை 1980-இன் விலையோடு சேர்த்தால் ஒரு மாதம் வருகிறது என்றதும் நோட்டில் தானே வகுத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஒரு பவுன் எத்தனை நாள் கூலி டீச்சர்? அதற்குப் பத்தாண்டு வாரியாகக் கூலி எண்கள் யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள். திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.